ஏரிக்கரை சரியுமா? துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கும் ஒரு கணக்கு

பெங்களூரில் எங்கள் லேஅவுட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. கரைமேல் நடைபாதை போட்டிருப்பதால் காலையில் பாதி லேஅவுட் அங்கேதான் நடக்கும். போன மழைக்கு அப்புறம் கரையின் மேல், வெளிப்பக்க ஓரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளி, கரையின் நீளவாக்கில் ஒரு விரிசல் தெரிந்தது. என்னோடு நடக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் அதைக் காட்டிச் சொன்னார்: "பயப்பட வேண்டாம் தம்பி. ரிப்போர்ட்ல ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி 1.5னு போட்டிருக்காங்களாம். அப்படின்னா இன்னும் அம்பது சதவீதம் வெயிட் ஏத்தலாம்."

"அது வெயிட் கணக்கு இல்ல சார்" என்றேன். "பின்ன என்ன கணக்கு?" என்றார். ஏரியை இரண்டு சுற்று சுற்றியும் நான் சரியாகச் சொல்லி முடிக்கவில்லை. மண் பரிசோதனை வேலையில் இருக்கும் நானே இவ்வளவு திணறினால் என்ன அர்த்தம் என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், பள்ளிக்கூடத்து சைன், காஸ், டேன் தெரிந்தால் போதும்.

## பலகைமேல் ஒரு செங்கல்

ஒரு மரப்பலகைமேல் செங்கல் ஒன்றை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். 31 டிகிரி வந்ததும் செங்கல் வழுக்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பலகையை 20 டிகிரிக்கு இறக்கிவிட்டால் செங்கல் அசையாமல் நிற்கும். நிற்கிறது, சரி. எவ்வளவு தெம்பாக நிற்கிறது?

செங்கலின் எடை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு பலகையின் வழியே கீழே இழுக்கிறது. எடையை சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்கினால் அது கிடைக்கும். இன்னொரு பங்கு பலகையை அழுத்துகிறது. அதற்கு காஸால் பெருக்க வேண்டும். அழுத்தம் இருப்பதால்தான் உராய்வு இருக்கிறது. உராய்வால் அதிகபட்சம் எவ்வளவு தாங்க முடியும் என்பதை, செங்கலை நிறுத்தி வைக்கத் தேவைப்படும் அளவால், அதாவது கீழே இழுக்கும் பங்கால், வகுத்தால் வருவதுதான் பாதுகாப்புக் காரணி. இனி இதை F என்றே சொல்கிறேன். இங்கே டேன் 31 என்பது 0.60, டேன் 20 என்பது 0.364. வகுத்தால் F = 1.65.

இப்போது அந்தச் செங்கல்மேல் இன்னொரு செங்கலை வையுங்கள். இழுப்பு இரண்டு மடங்கு ஆகிறது, அழுத்தமும் இரண்டு மடங்கு ஆகிறது. F அதே 1.65. பத்துச் செங்கல் அடுக்கினாலும் 1.65தான். வங்கி சார் சொன்ன 'அம்பது சதவீதம் வெயிட்' இங்கேயே விழுந்துவிடுகிறது. F எடையைப் பற்றிய எண் அல்ல, பிடிப்பைப் பற்றிய எண். பலகையின் சொரசொரப்பு 1.65இல் ஒரு பங்காகக் குறைந்தால் செங்கல் வழுக்கும் என்பதே அதன் பொருள்.

## பலகை எங்கே இருக்கிறது?

மண் கரைக்குள் பலகை எதுவும் இல்லை. எந்த வழியாகச் சறுக்க வேண்டும் என்பதை மண்ணே முடிவு செய்கிறது. கெட்டித் தயிரில் கரண்டி விட்டு அள்ளினால் ஒரு வளைந்த குழி விழும் அல்லவா? களிமண் கலந்த கரைகள் பெரும்பாலும் அந்த வடிவில்தான் சரிகின்றன. மேலே விரிசலாகத் தொடங்கி, உள்ளே வளைந்து இறங்கி, கரையின் அடிவிளிம்பில் வெளியே வரும் ஒரு வில். அதற்குச் சறுக்கு வட்டம் என்று பெயர்.

1916இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் துறைமுகத்தில் ஸ்டிக்பெர்க் கப்பல்துறை சரிந்து விழுந்தது. அதை ஆராய்ந்தவர்கள் சறுக்கிய பரப்பு கிட்டத்தட்ட வட்டமாக இருப்பதைக் கண்டுதான் இந்தக் கணக்கை உருவாக்கினார்கள். பிறகு அதைச் செம்மைப்படுத்தியவர் ஃபெலேனியஸ். இன்றும் எளிய முறை அவர் பெயரிலேயே இருக்கிறது. நம் ஊரில் 'ஸ்வீடிஷ் சர்க்கிள்' என்றால் சிவில் படித்தவர்களுக்குப் புரியும்.

ஆனால் வட்டப் பலகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. நேர்ப்பலகையில் சாய்வு எங்கும் ஒன்றே. வில்லில் அது இடத்துக்கு இடம் மாறுகிறது. மேலே கிட்டத்தட்ட செங்குத்து, அடியில் கிட்டத்தட்ட படுக்கை. மேலே நிற்கும் மண்ணின் உயரமும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரே சைன், ஒரே காஸ் வைத்து முடிக்க முடியாது.

இங்கேதான் ரொட்டி வருகிறது. ஐயங்கார் பேக்கரியில் முழு ரொட்டியை மிஷினில் விட்டுத் துண்டு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சறுக்கப் போகும் மண்ணையும் அப்படியே செங்குத்துத் துண்டுகளாக வெட்டுகிறோம், காகிதத்தில்தான். ஒரு துண்டின் அடி மட்டும் என்று பார்த்தால் அது கிட்டத்தட்ட நேர்கோடு. அதாவது ஒவ்வொரு துண்டும் தன் சொந்தப் பலகைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு செங்கல்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: F என்பது இருக்கும் பிடிப்பை, தேவைப்படும் பிடிப்பால் வகுத்தது. கரை சறுக்கும் பாதை ஒரு வில். வில்லை நேர்கோடுகளாக்கத்தான் துண்டுகள்.

## மண்ணின் இரண்டு பிடிப்புகள்

செங்கலுக்கு உராய்வு மட்டும்தான். மண்ணுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. காய்ந்த மணலையும் ஈரக் களிமண்ணையும் தனித்தனியாகக் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். களிமண் தானாகவே ஒட்டிக்கொள்ளும், அழுத்தவே வேண்டாம். அழுத்தம் இல்லாதபோதும் இருக்கும் இந்தப் பிடிப்புக்கு ஒட்டுமை என்று பெயர். c என்று எழுதுவோம். அழுத்த அழுத்தக் கூடும் பிடிப்பை அளப்பது உராய்வுக் கோணம், φ. பலகை உதாரணத்தின் 31 டிகிரிதான் அது.

நம் கணக்குக்கு ஊறவைத்துச் சோதித்த செம்மண் என்று எடுத்துக்கொள்கிறேன். c சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது சுமார் அரை டன். φ 25 டிகிரி, அதன் டேன் 0.466. ஒரு கன மீட்டர் மண்ணின் எடை 18 கிலோநியூட்டன், சுமார் 1.8 டன்.

## ஐந்து துண்டு, ஒரு அட்டவணை

எங்கள் ஏரிக்கரையின் அளவை டேப் வைத்து எடுத்து, கணக்குக்காகக் கொஞ்சம் சீராக்கிக்கொண்டேன். உயரம் 4 மீட்டர். வெளிப்பக்கச் சரிவு 4 மீட்டர் ஏற 6 மீட்டர் படுக்கிறது, அதாவது ஒன்றுக்கு ஒன்றரை. மேலே அகலம் 3 மீட்டர்.

வரைபடத்தாளில் கரையின் அடிவிளிம்பை (0, 0) என்று குறியுங்கள். சரிவின் மேல் விளிம்பு (6, 4). காம்பஸ் முள்ளை (1, 7) என்ற புள்ளியில் ஊன்றி, அடிவிளிம்பைத் தொடும்படி வில் போடுங்கள். ஆரம் 7.07 மீட்டர் வரும். வில் கரைக்குள் போய், மேல் விளிம்பிலிருந்து 1.4 மீட்டர் உள்ளே தள்ளி மேலே வருகிறது. விரிசல் இருந்த இடமும் கிட்டத்தட்ட அதுதான் என்பதைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் வயிறு கலங்கியது. அதைப் பிறகு பார்ப்போம்.

அடிவிளிம்பிலிருந்து மேல் விளிம்புவரை 1.5 மீட்டர் அகலத்தில் நான்கு துண்டு, மிச்சம் 1.4 மீட்டரில் ஐந்தாவது துண்டு. கரையின் நீளவாக்கில் ஒரு மீட்டர் மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒரு துண்டை மட்டும் முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

நான்காவது துண்டு. அதன் நடுக்கோட்டில் மண் பரப்புக்கும் வில்லுக்கும் இடையே அளந்தால் 2.15 மீட்டர். எடை = 2.15 × 1.5 × 18 = 58 கிலோநியூட்டன். அதன் அடியின் சாய்வு கண்டுபிடிக்கக் கோணமானி வேண்டாம். துண்டின் நடு 5.25 மீட்டரில், வட்டத்தின் மையம் 1 மீட்டரில். வித்தியாசம் 4.25, அதை ஆரத்தால் வகுத்தால் 0.601. அதுவே சைன். கோணம் 37 டிகிரி, காஸ் 0.799. கீழே இழுப்பது 58 × 0.601 = 34.9. அழுத்துவது 58 × 0.799 = 46.4. சாய்ந்த அடியின் நீளம் 1.5 ÷ 0.799 = 1.88 மீட்டர். அவ்வளவுதான்.

இதையே ஐந்து முறை செய்தால்:

| துண்டு | உயரம் (மீ) | எடை W | சாய்வு α | இழுப்பு W sinα | அழுத்தம் W cosα | அடிநீளம் (மீ) |
|---|---|---|---|---|---|---|
| 1 | 0.57 | 15 | −2° | −0.5 | 15.0 | 1.50 |
| 2 | 1.46 | 39 | 10° | 6.9 | 38.4 | 1.52 |
| 3 | 2.01 | 54 | 23° | 21.0 | 49.7 | 1.63 |
| 4 | 2.15 | 58 | 37° | 34.9 | 46.4 | 1.88 |
| 5 | 1.18 | 30 | 54° | 24.2 | 17.8 | 2.37 |
| மொத்தம் | | 196 | | 86.5 | 167.3 | 8.90 |

முதல் துண்டின் இழுப்பு கழித்தலில் இருப்பதைப் பாருங்கள். வில் அங்கே எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பதால் அந்தத் துண்டு மற்றவற்றோடு சேர்ந்து சறுக்காமல், கொஞ்சம் எதிர்த்துத் தள்ளுகிறது. ஐந்தாவது துண்டு நேர்மாறு: எடை 30தான், ஆனால் அதில் 24 இழுப்பாகவே போய்விடுகிறது.

இனி சூத்திரம். L என்பது மொத்த அடிநீளம், Σ என்பது எல்லாத் துண்டுகளின் கூட்டுத்தொகை:

```
F = (c·L + tanφ · Σ W cosα) / Σ W sinα
```

ஒட்டுமை தருவது 5 × 8.90 = 44.5. உராய்வு தருவது 0.466 × 167.3 = 78.0. கூட்டினால் 122.5. இழுப்பு 86.5. வகுத்தால் F = 1.42.

பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இது காய்ந்த கரையின் எண். இந்த ஒரே ஒரு வில்லின் எண்ணும்கூட.

## ஒரு வட்டம் போதாது

(1, 7) என்ற மையத்தை நான் ஏன் எடுத்தேன்? சும்மா ஒரு ஊகம்தான். கரை அந்த வில்லில்தான் சரிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மையத்தை (0, 8) என்று மாற்றி, இன்னும் மேலோட்டமான வில் போட்டால் F 1.46 வருகிறது. (2, 6.5) என்று மாற்றி ஆழமாகப் போட்டால் 1.54. இந்த மூன்றில் மிகக் குறைவு 1.42. இன்னும் பல மையங்களைப் போட்டுப் பார்த்து, கிடைப்பதிலேயே சிறியதைத்தான் 'கரையின் F' என்று சொல்ல வேண்டும். மென்பொருள் நூற்றுக்கணக்கான வட்டங்களை நொடியில் போட்டுவிடும். கையால் போடுபவருக்குப் பத்துப் பன்னிரண்டு போட்டாலே எந்தப் பக்கம் எண் இறங்குகிறது என்று புரிந்துவிடும்.

ஆகவே யாராவது ஒரு F சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை வட்டம் போட்டீர்கள்?

## தண்ணீர் வழுக்கவைப்பதில்லை, தூக்குகிறது

மழை பெய்தால் மண் சேறாகி வழுக்குகிறது, அதனால் கரை சரிகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எண்ணெய் ஊற்றிய பலகை மாதிரி. உண்மையில் ஈரத்தால் உராய்வுக் கோணம் பெரிதாக மாறுவதில்லை. நடப்பது வேறு.

கிணற்றில் குடத்தை இழுத்த அனுபவம் இருந்தால் யோசித்துப் பாருங்கள். குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை கை வலிக்காது. தண்ணீர் மட்டத்தைத் தாண்டியதும் திடீரென்று கனக்கும். தண்ணீர் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. கரைக்குள்ளும் அதுதான். மண்துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் தண்ணீர் நிறைந்ததும், அது துகள்களை ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகிறது. இதற்கு நுண்துளை நீரழுத்தம் என்று பெயர். அதனால் துகளும் துகளும் அழுத்திக்கொள்ளும் அளவு குறைகிறது, உராய்வும் குறைகிறது. கீழே இழுக்கும் எடை மட்டும் அப்படியே இருக்கிறது.

கணக்கில் இதைச் சேர்ப்பது சுலபம். ஏரி நிறைந்து, தண்ணீர் கரைக்குள் கசிந்து, வெளிப்பக்கம் தாழ்ந்து வருகிறது. நம் ஐந்து துண்டுகளில் வில்லுக்கு மேல் தண்ணீர் நிற்கும் உயரம் முறையே 0.5, 1.0, 1.0, 0.5, 0 மீட்டர் என்று வைப்போம். ஒரு மீட்டர் தண்ணீருக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 10 கிலோநியூட்டன் அழுத்தம். அதை ஒவ்வொரு துண்டின் அடிநீளத்தோடு பெருக்கிக் கூட்டினால் 48.4 கிலோநியூட்டன். தண்ணீர் தூக்கிவிடுவது இவ்வளவு.

அழுத்தம் 167.3இலிருந்து 118.9 ஆகிறது. உராய்வு 55.4. ஒட்டுமை அதே 44.5. மொத்தம் 99.9, இழுப்பு அதே 86.5. F = 1.15. நனைந்த மண்ணின் எடை கொஞ்சம் கூடும் என்பதை இங்கே விட்டுவிட்டேன்.

ஒரு சொட்டு மண்ணும் நகரவில்லை. சரிவு மாறவில்லை, φ மாறவில்லை. 1.42 இப்போது 1.15. மண் அணைகளுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 7894, ஏரி நிறைந்து கசிவு நிலைபெற்ற கட்டத்துக்கு 1.5 கேட்கிறது. நம் கரை அதைத் தொடவே இல்லை.

சுருக்கமாக: காய்ந்த கரைக்கும் நனைந்த கரைக்கும் F தனித்தனி. நீர்மட்டம் சொல்லாமல் சொல்லும் F பாதி எண்தான். அந்த நீர்மட்டத்தை அறிய, கரையில் துளை போட்டு, அடிப்பகுதியில் ஓட்டைகள் உள்ள பிவிசி குழாயை இறக்கி, உள்ளே டேப் விட்டுப் பார்ப்பார்கள். செலவு அதிகமில்லை. ஆனாலும் சின்ன ஏரிகளில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

## சின்னக் கரையை c தான் ஏமாற்றும்

பெரிய அணைகளில் மண்ணின் எடை மிக அதிகம் என்பதால் உராய்வுதான் பெரும்பங்கு. நாலு மீட்டர் கரையில் அப்படியில்லை. நனைந்த நிலையில் நம் 99.9இல் 44.5 ஒட்டுமையிலிருந்து வருகிறது. கிட்டத்தட்ட பாதி. அந்தப் பாதிதான் மிகவும் நம்ப முடியாத பாதி.

ஏன்? கோடையில் பெங்களூர்ச் செம்மண்ணைத் தோண்டிப் பாருங்கள். கடப்பாரை தெறிக்கும். அதே இடம் ஆகஸ்ட் மழைக்கு அப்புறம் கையால் பிசையலாம். காய்ந்த மண்ணில் சந்துகளில் மிஞ்சிய கொஞ்சம் தண்ணீர், ஈரத்துணி கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது போல, துகள்களை இழுத்துப் பிடித்திருக்கிறது. சோதனையில் அது c ஆகத் தெரியும். நனைந்தால் காணாமல் போகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரிப்போர்ட் கைக்கு வந்தது, யாருடையது என்பது வேண்டாம். ஏப்ரலில் எடுத்த மண் மாதிரி, ஊறவைக்காமல் அப்படியே பிடிப்பை அளக்கும் வெட்டுச் சோதனை. c = 20 என்று இருந்தது. அதை நம் கரையில் போடுங்கள். ஒட்டுமை 20 × 8.90 = 178. உராய்வு 78. காய்ந்த கரைக்கு F = 2.96. மூன்று! யார் பார்த்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இப்போது அதே கரையை நனைத்து, ஊறிய மண்ணுக்கு c 3 மட்டுமே என்று வையுங்கள். ஒட்டுமை 26.7, உராய்வு 55.4, மொத்தம் 82.1. F = 0.95. ஒன்றுக்குக் கீழே. கரை நிற்காது.

2.96, 0.95. ஒரே கரை, ஒரே வட்டம், ஒரே கூட்டல். எத்தனை துண்டு வெட்டினோம் என்று யாரும் சண்டை போட வேண்டியதில்லை. ஐந்தைப் பத்தாக்கினால் இரண்டாவது தசம இடத்தில் ஏதோ மாறும். c எடுத்த விதத்தில்தான் முழு எண்ணே மாறுகிறது. என்னைக் கேட்டால், சின்னக் கரைகளுக்கு ஊறவைக்காத மாதிரியின் c யைப் பார்த்தால் ரிப்போர்ட்டை அங்கேயே மூடிவிடலாம்.

## அடியை வெட்டினால் என்ன ஆகும்?

'எடை குறைந்தால் நல்லதுதானே?' என்று இன்னொரு நம்பிக்கை. கரையின் அடியில் சாக்கடை போட, பைக் நிறுத்த, கொஞ்சம் மண்ணை ஜேசிபி வைத்து ஒதுக்குவது நகரத்தில் சாதாரணம். முதல் துண்டு மொத்தத்தையும், 15 கிலோநியூட்டன், எடுத்துவிட்டதாக வையுங்கள். மொத்த எடையில் எட்டு சதவீதம்கூட இல்லை.

இழுப்பு குறையவில்லை. எதிர்த்துத் தள்ளிய 0.5 போய்விட்டதால் 87.0 ஆகக் கூடுகிறது. அடிநீளம் 1.5 மீட்டர் போனதால் ஒட்டுமை 37.0. அந்தத் துண்டின் உராய்வும் போனதால் உராய்வு 51.9. நனைந்த நிலையில் F 1.15இலிருந்து 1.02க்கு இறங்குகிறது. விளிம்பில் தொங்குகிறது என்று சொல்லலாம். மாறாக, உச்சியில் இருக்கும் ஐந்தாவது துண்டின் சுமை குறைந்தால் F ஏறும். எடை எவ்வளவு என்பதைவிட வில்லின் எந்தப் பகுதிமேல் அது உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

சரிசெய்யும் வழியும் இதிலிருந்தே வருகிறது. அடிவிளிம்பில் மணலும் கல்லும் அடுக்கடுக்காகப் போட்டு வடிகால் அமைத்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் இறங்கும். நீரழுத்தம் பாதியானால், 48.4 என்பது 24.2 ஆனால், F 1.29 ஆகிறது. 1.5க்கு அதுவும் போதாது, சரிவையும் படுக்க வைக்க வேண்டியிருக்கும்.

## இந்தக் கணக்கு பார்க்காதவை

ஃபெலேனியஸ் முறை பக்கத்துத் துண்டுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொள்வதைக் கணக்கில் எடுப்பதில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பிஷப் 1955இல் அதைப் பெரும்பாலும் சரிசெய்தார். அவர் முறையில் F சமன்பாட்டின் இரண்டு பக்கமும் வருவதால், ஒரு ஊகம் வைத்து, விடை வந்ததும் அதையே மறுபடி போட்டு, இரண்டு மூன்று சுற்று போக வேண்டும். நம் கரைக்குக் காய்ந்த நிலையில் 1.51, நனைந்த நிலையில் 1.23 வருகிறது. ஃபெலேனியஸ் 1.42, 1.15 சொன்னார். எளிய முறை கொஞ்சம் பயந்த சுபாவம் உடையது. கையால் போடும் கணக்கில் அது நல்ல குணம்தான்.

இன்னொன்று. ஏரி உடைந்தது என்றாலே கரை வட்டமாகச் சரிந்தது என்று பொருளில்லை. 2019 நவம்பரில் ஹுளிமாவு ஏரிக்கரை உடைந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, கரையில் தோண்டியதுதான் காரணம் என்று செய்திகள் வந்தன. கலுங்கு அடைபட்டுத் தண்ணீர் கரைமேல் வழிவது, எலி வளை வழியே கசிவு பெருகி மண்ணை அரித்துக்கொண்டு போவது, இவை எதையும் நம் ஐந்து துண்டுகள் காட்டாது. F 2 இருக்கும் கரையும் அப்படி உடையலாம்.

## அந்த விரிசல்

இனி விரிசலுக்கு வருவோம். காய்ந்து வெடித்த மண்ணில் விரிசல்கள் வலைபோல் பல திசையில் ஓடும், இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கும். சறுக்கத் தொடங்கிய கரையில் ஒரே நீண்ட விரிசல், இரண்டு முனையும் வெளிப்பக்கம் வளைந்து, வெளிப்பக்க மண் ஒரு விரல் அளவாவது தாழ்ந்திருக்கும். அடியில் மண் லேசாகப் புடைத்திருக்கும், வேலிக் கம்பங்கள் சாய்ந்திருக்கும்.

எங்கள் கரையில் விரிசல் நீளவாக்கில்தான் ஓடுகிறது. முனைகள் வளையவில்லை. உள்ளங்கையைக் குறுக்கே வைத்துத் தடவினேன், படி தட்டவில்லை. வெளிப்பக்கச் சரிவில் அடியிலிருந்து முழங்கால் உயரம்வரை ஈரம், அதற்கு மேல் காய்ந்த புல். ஏரியைப் பார்க்கும் பொறியாளரிடம் படமெடுத்துக் கொடுத்தோம். மண்ணை ஊறவைத்துச் சோதித்தார்களா, எந்த நீர்மட்டத்துக்கு 1.5 என்றும் கேட்டோம். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று விரிசலின் இரண்டு பக்கமும் நீளமான ஆணி அடித்து, இடைவெளியை அளந்தோம்: 300 மில்லிமீட்டர். வங்கி சார் அதைத் தன் நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டார்.

"இது கூடினா?" என்றார்.

"கூடினா நடைபாதையை மூடச் சொல்லணும் சார்."

அடுத்த மழைக்கு அப்புறம் அளந்தபோது 301. டேப்பைப் பிடித்த கையின் பிழையாகவும் இருக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை அளக்கிறார். நோட்டில் இதுவரை ஆறு வரி.